வயிற்றுக் குழந்தையிடம் பேசுவதும் பாடுவதும்: வாரக் கணக்கில் தொடங்கி, பிறந்தபின் காது பரிசோதனை வரை

கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் குமரி மாவட்டத்துப் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "என்ன பாட்டு போடணும்?" என்பதுதான். கேள்வியில் இருக்கும் 'போடணும்' என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. போனில் போடும் பாட்டைவிட அம்மா வாய்திறந்து பாடும் பாட்டுதான் கருப்பைக்குள் நன்றாகப் போய்ச் சேருகிறது. அதை எப்போது தொடங்குவது, எப்படிச் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் படியைத் தாண்டிவிட்டு மூன்றாம் படியில் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

1. முன்கூட்டியே வேண்டியவை

வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் தாய் சேய் நல அட்டை அல்லது முதல் ஸ்கேன் அறிக்கை, ஒரு நாட்காட்டி, முழுதாகத் தெரிந்த ஒரு பாட்டு, தினமும் இரண்டு வேளை சில நிமிடம். வயிற்றில் கட்டும் ஹெட்போன் பெல்ட், கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் இசைத் தொகுப்பு எதுவும் வேண்டாம். பெல்ட் ஏன் வேண்டாம் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். சுருதி சேராத அம்மாவின் குரலைத்தான் குழந்தை முதலில் அடையாளம் காணப்போகிறது.

2. வாரக் கணக்கைச் சரி செய்யுங்கள்

நம் வீடுகளில் கர்ப்பத்தை மாதத்தில் சொல்கிறோம். மருத்துவர்கள் வாரத்தில் சொல்கிறார்கள். காது கேட்பது பற்றிய எல்லா விவரமும் வாரத்தில்தான் இருக்கிறது. "ஆறு மாசம்" என்றால் ஒருவர் 22 வாரத்தைச் சொல்வார், இன்னொருவர் 26 வாரத்தைச் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவே குழந்தையின் காதில் நிறைய நடந்துவிடுகிறது. அதனால் முதலில் வாரம்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் கணக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் தவறும். முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், பிரசவத் தேதி. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் இப்படி எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனில் போட்டுக்கொடுத்த தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் தேதி முன்னே பின்னே காட்டும். அதை வைத்துக் கணக்கை மாற்றக் கூடாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே தொடரலாம். தூத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். தாய்வீடு கோட்டாறு. கணவர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார். கடைசி மாதவிடாயின் முதல் நாள் 2025 மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். பிரசவத் தேதி டிசம்பர் 15. 28 வாரம் முடிவது செப்டம்பர் 22. 34 வாரம் முடிவது நவம்பர் 3. இந்த மூன்று தேதிகளையும் அடுக்களைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. எந்த வாரத்தில் எது கேட்கும்

உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் பகுதி ஏறக்குறைய 20 வாரத்தில் உருப்பெறுகிறது. ஆனால் உறுப்பு உருவாவதும் கேட்கத் தொடங்குவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதை முதிர இன்னும் பல வாரம் ஆகும்.

1994-இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பிணியின் வயிற்றின் மேல் ஒலி எழுப்பி, குழந்தை அசைகிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். மிக ஆரம்பமான அசைவு 19-ஆம் வாரத்தில் தெரிந்தது, அதுவும் ஒரே ஒரு குழந்தையிடம். 27 வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் தாழ்ந்த சுருதி ஒலிக்கு அசைந்தன. உயர்ந்த சுருதி ஒலிக்கு அந்த வாரத்தில் எந்தக் குழந்தையும் அசையவில்லை. எல்லாக் குழந்தைகளும் அதற்கு அசைய 33 முதல் 35 வாரம் ஆனது. ஆக, கட்டைக் குரல் முதலில், கீச்சுக் குரல் பிறகு.

1983-இல் வெளியான வேறோர் ஆய்வில், அதிர்வோடு கூடிய பலத்த ஒலிக்குக் குழந்தை கண் சிமிட்டுவதை ஸ்கேனில் பார்த்தார்கள். 24, 25 வாரத்தில் சில குழந்தைகள் சிமிட்டின. 28 வாரத்துக்குப் பிறகு தவறாமல் சிமிட்டின.

இதிலிருந்து நமக்கு வேண்டிய முடிவு எளிது. மூன்றாம் மாதத்திலேயே பாடத் தொடங்கினால் கெடுதல் ஒன்றுமில்லை, உங்களுக்குப் பழக்கம் வரும். ஆனால் கேட்க அங்கே காது தயாராக இல்லை. 28 வாரத்தில் தொடங்கினால் போதும். எட்டாம் மாதம் வந்துவிட்டதே, பிந்திவிட்டேனே என்று சிலர் பதறுகிறார்கள். அதற்கும் அவசியமில்லை. ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

4. உள்ளே என்ன போய்ச் சேருகிறது என்று தெரிந்து பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பக்கத்து வீட்டில் ரேடியோ பாடினால் சுவர் தாண்டி நமக்கு மெட்டு கேட்கும், தாளம் கேட்கும், சொல் பிடிபடாது. கருப்பைக்குள் ஒலி போவதும் அப்படித்தான். வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் உயர்ந்த சுருதிகளை வடிகட்டிவிடுகின்றன. தாழ்ந்தவை அதிகம் குறையாமல் போகின்றன. குழந்தையின் காதுத் துளைக்குள்ளும் நீர்தான் நிறைந்திருக்கிறது. அதனால் ஒலி பெரும்பாலும் மண்டையோட்டு எலும்பின் அதிர்வாகவே உள்காதுக்குப் போகிறது. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் உயர் சுருதியில் இருப்பவை, அவை தேய்ந்துபோகும். குரலின் ஏற்ற இறக்கம், நீட்டல், நிறுத்தம் இவை நன்றாகப் போகும்.

அம்மாவின் குரலுக்கு மட்டும் இரண்டு வழி. ஒன்று, வாயிலிருந்து வெளியே வந்து காற்றில் பரவி வயிற்றைத் தொடுவது. மற்றொன்று, குரல்வளையின் அதிர்வு உடம்பின் எலும்பு, திசு வழியாக நேரே கீழே இறங்குவது. 1992-இல் கருப்பைக்குள்ளேயே சிறு ஒலிவாங்கி வைத்து அளந்த ஆய்வு ஒன்றில், வெளியாட்களின் குரல் உள்ளே 2, 3 டெசிபல் குறைந்து கேட்டது. அம்மாவின் குரலோ வெளியே இருப்பதைவிட 5 டெசிபல் கூடுதலாகக் கேட்டது. எந்த ஸ்பீக்கராலும் இதைச் செய்ய முடியாது.

சரி, பாட்டைத் தேர்ந்தெடுப்போம். மெட்டில் தெளிவான ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். மெதுவாக இருக்க வேண்டும். உங்கள் குரலின் கீழ்ப்பகுதியில் சிரமமில்லாமல் பாட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இந்த நான்கும் எதில் சேர்ந்து இருக்கிறது என்று பார்த்தால் நம் தாலாட்டில்தான். 'ஆராரோ ஆரிரரோ' என்பதில் நெடில் உயிர்கள் நீண்டு நிற்கின்றன. வல்லின மெய்யே கிடையாது. உள்ளே வடிபட்டுப் போக அதில் அதிகமாக ஒன்றுமில்லை. உங்கள் பாட்டியிடம் கேட்டு அவர் பாடிய தாலாட்டையே கற்றுக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பக்கமும் தோவாளைப் பக்கமும் மெட்டு வேறு வேறாக இருக்கும். எது உங்கள் வீட்டில் புழங்குகிறதோ அதுவே போதும். ஜெபப் பாட்டு, பக்திப் பாட்டு, பள்ளியில் படித்த பாட்டு எதுவானாலும் சரிதான், மேலே சொன்ன நான்கும் பொருந்தினால்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தினம் ஒரு பாட்டு பாடுவது. பத்துப் பாட்டைப் பத்துத் தடவை பாடுவதைவிட ஒரே பாட்டை நூறு தடவை பாடுவதுதான் நினைவில் தங்கும். ஆய்வுகள் எல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பலன் பார்த்தன. மற்ற பாட்டுகளை நீங்கள் ரசிக்கப் பாடுங்கள். இந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

வளைகாப்பில் போடும் கண்ணாடி வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வளையல் கிணுகிணுப்பு உயர்ந்த சுருதி. உள்ளே போகும்போது பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். வளையல் போட்டுக்கொள்ளுங்கள், அழகாக இருக்கும். பேச்சும் பாட்டும் செய்யும் வேலையை அது செய்யாது.

5. தினசரி செய்முறை

காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. ஒவ்வொரு வேளையும் நான்கைந்து நிமிடம்.

உட்கார்ந்துகொள்ளுங்கள், அல்லது இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். கடைசி மாதங்களில் மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி உங்களுக்கே தலைசுற்றும். அதனால் அந்த நிலை வேண்டாம். முதலில் ஒரே மாதிரி அழைத்துப் பேசுங்கள். "மக்ளே" என்று அழைப்பவர் தினமும் அப்படியே அழைக்கலாம். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், வெளியே மழையா வெயிலா என்று இயல்பாக ஒரு நிமிடம் பேசுங்கள். அப்புறம் அந்த ஒரு பாட்டை இரண்டு தடவை பாடுங்கள். முடிந்தது.

வாய்விட்டுப் பாட வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் கூச்சம், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கிசுகிசுப்பார்கள், அல்லது உதட்டுக்குள் முணுமுணுப்பார்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. அதிர்வு இல்லையென்றால் உடம்பு வழியாக இறங்க ஒன்றும் இல்லை. நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள். பாடும்போது கைக்கு அதிர்வு தெரிந்தால் சரியாகப் பாடுகிறீர்கள். சத்தம் கூட வேண்டியதில்லை, சாதாரணமாகப் பேசும் அளவு போதும். கூச்சமாக இருந்தால் வாய்மூடி 'ம்ம்' என்று மெட்டை மட்டும் இழுங்கள். அதில் குரல்நாண் அதிர்கிறது, அதனால் அது கிசுகிசுப்பதைவிட மேல்.

இரண்டு வேளை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1986-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் இருவரும் செய்த ஆய்வு. கடைசி ஆறு வாரம், தினமும் இரண்டு தடவை, ஒரே கதையைக் கர்ப்பிணிகள் வாய்விட்டு வாசித்தார்கள். பிறந்த சில நாளில் குழந்தைகளுக்குச் சூப்பும் ரப்பர் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் வயிற்றில் கேட்ட கதை ஒலிக்கும், வேறு விதமாகச் சூப்பினால் புதுக் கதை ஒலிக்கும். பழைய கதை கேட்கும்படியாகக் குழந்தைகள் சூப்பும் விதத்தை மாற்றின. வேறொரு பெண் அதை வாசித்தபோதும் அப்படியே. குழந்தைக்குக் கதையின் பொருள் தெரியாது. அதன் ஏற்ற இறக்கமும் தாளமும்தான் நினைவில் இருந்தன.

ஆறு வாரம் போதுமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிந்திவிட்டேன் என்று பதறுகிறவர்களுக்கு இதுதான் பதில். நம் உதாரணப் பெண்ணுக்கு அந்த ஆறு வாரம் நவம்பர் 3-இல் தொடங்குகிறது. செப்டம்பர் 22-இல் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், பழக்கம் ஊன்ற நேரம் வேண்டும், குழந்தை முன்கூட்டியே பிறக்கவும் கூடும்.

பாடும்போது குழந்தை உதைக்கிறதா என்று கணக்குப் பார்க்காதீர்கள். சில நேரம் அசையும், சில நேரம் அசையாது. கடைசி மாதங்களில் குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம் வரை நீளும். அசையவில்லை என்றால் பாட்டு பிடிக்கவில்லை என்றும், உதைத்தால் ரசிக்கிறது என்றும் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

6. அப்பாவின் குரல், போன், பெல்ட்

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் அப்பாக்கள் கடலில். உள்நாட்டு ஊர்களில் பலர் வளைகுடாவில். அதனால் போனை வயிற்றில் வைத்து அப்பாவைப் பேசச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆசை புரிகிறது. ஆனால் அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது.

ஆண்குரலின் அடிச்சுருதி மிகவும் தாழ்ந்தது. கருப்பைக்குள் நன்றாகப் போவதும் அந்தத் தாழ்ந்த பகுதிதான். போனின் சின்ன ஸ்பீக்கரால் சரியாக எழுப்ப முடியாததும் அதே பகுதிதான். போன் எதை நன்றாக ஒலிக்கிறதோ அதை வயிறு வடிகட்டிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினாலும் இந்தப் பொருத்தமின்மை சரியாகாது.

வேறு வழி இருக்கிறது. அப்பா பாடியோ பேசியோ அனுப்பிய குரல் பதிவை நீங்கள் கேளுங்கள். கேட்டதை அப்படியே, அவர் இழுக்கும் இழுப்போடு, உங்கள் குரலில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் கரைக்கு வந்தால், ஊருக்கு வந்தால், அருகில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் நேரே பேசட்டும். ஒரே அறையில் பேசும் ஆண்குரல் உள்ளே பெரிதாகக் குறைவதில்லை. வயிற்றில் வாய்வைத்துக் கத்தத் தேவையில்லை.

இன்னொன்றையும் அப்பாக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறந்த குழந்தைகள் அம்மாவின் குரலை மற்றப் பெண்களின் குரலைவிட விரும்பிக் கேட்டதாக 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் ஆய்வு காட்டியது. 1984-இல் அப்பாவின் குரலை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு விருப்பம் தெரியவில்லை. இரண்டு ஆண்குரல்களுக்கு வேறுபாடு தெரிந்தது, அப்பாவுடையதைத் தேடவில்லை. குழந்தை அப்பா குரலுக்குத் திரும்பவில்லையே என்று பிறந்த வாரத்தில் மனம் சோர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர் கடலில் இருந்ததால் வந்த குறை இல்லை. வீட்டிலேயே இருந்த அப்பாக்களுக்கும் அப்படித்தான். அந்தக் குரல் பிறந்தபின் பழகும்.

ஹெட்போன் பெல்ட்டுக்கு வருவோம். ஸ்பீக்கர் தோலோடு ஒட்டி இருக்கும்போது உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் காதுக்கு மெதுவாகக் கேட்பது உள்ளே பலமாக இருக்கலாம். குழந்தையால் காதைப் பொத்தவோ தள்ளிப்போகவோ முடியாது. பெல்ட்டை மாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்போது குழந்தையின் தூக்கமும் கெடும். பலன் இருப்பதாக எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. 2013-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகளின் மூளை, பிறந்த உடனும் நான்கு மாதத்திலும் அந்த மெட்டுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது. அதிலும் பாட்டு அறையில்தான் ஒலித்தது. யாரும் வயிற்றில் ஸ்பீக்கர் கட்டவில்லை.

மேற்கத்திய சாஸ்திரிய இசை கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சுக்கு மூலம் 1993-இல் வந்த ஒரு சிறு ஆய்வு. அது கல்லூரி மாணவர்களிடம் செய்தது. ஒரு வகைப் புதிரில் சில நிமிடம் மட்டும் நீடித்த சிறு முன்னேற்றம் அது. அதில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை. வயிற்றில் பாட்டுக் கேட்டதால் பிறகு படிப்பில் முந்தினார்கள் என்று காட்டும் ஆதாரம் இன்றுவரை இல்லை. பாடுவதன் பலன், குழந்தை உங்கள் குரலையும் அந்த மெட்டையும் பழகிக்கொண்டு பிறப்பது. அதற்கு மேல் நான் எதையும் வாக்களிக்கமாட்டேன்.

7. வீட்டில் இரண்டு மொழி இருந்தால்

விளவங்கோடு பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும். குழந்தை குழம்பிவிடும், வயிற்றில் இருக்கும்போதே ஒரே மொழியில் பேச வேண்டும் என்று சிலர் கட்டுப்பாடு வைக்கிறார்கள். அது வேண்டாம். 2010-இல் கனடாவில் செய்த ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகலாகும் பேசிய அம்மாக்களின் குழந்தைகள், பிறந்த உடனேயே இரண்டு மொழிகளிலும் ஆர்வம் காட்டின. இரண்டையும் வேறு வேறு என்று பிரித்தும் அறிந்தன. ஒரே மொழி பேசிய அம்மாக்களின் குழந்தைகள் அந்த மொழியைத்தான் நாடின. உங்கள் வாயில் இயல்பாக எது வருகிறதோ அதைப் பேசுங்கள்.

8. திருவிழாச் சத்தத்தில் கவனம்

நம் உதாரணப் பெண் தாய்வீட்டில், கோட்டாற்றில் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் சவேரியார் பேராலயத் திருவிழா தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும். அப்போது அவளுக்கு 37, 38 வாரம். குழந்தையின் காது நன்றாகக் கேட்கும் காலம். ஊர் முழுக்க ஒலிபெருக்கி. அம்மன் கோயில் கொடை நடக்கும் ஊரென்றாலும் இதே நிலைதான்: செண்டை, வெடி, பெரிய பாக்ஸ்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்வது, 20 வாரத்துக்குப் பிறகு பலத்த சத்தம் குழந்தையின் காதைப் பாதிக்கலாம் என்பது. தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலைத் தாண்டிய சத்தத்தில் வேலை செய்வதையும், 115 டெசிபலைத் தாண்டிய சத்தத்தின் அருகே போவதையும் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்கிறது. அளவுக் கருவி இல்லாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐ நெருங்கிவிட்டீர்கள்.

திருவிழாவுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. பாக்ஸ் முன்னால் நிற்காதீர்கள், செண்டை அடிப்பவர்கள் அருகே உட்காராதீர்கள், வெடி போடும் இடத்துக்குப் போகாதீர்கள். ஒலிபெருக்கி வீட்டு வாசலில் கட்டியிருந்தால் அந்த நாட்களில் பின்னறைக்கு மாறுங்கள், அல்லது உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். காதில் பஞ்சு வைத்தால் உங்கள் காதுக்குத்தான் பாதுகாப்பு, குழந்தைக்கு இல்லை. பெரிய பாக்ஸின் 'தம் தம்' தாழ்ந்த சுருதி. வயிறு அதைத் தடுப்பதில்லை. தூரம் ஒன்றுதான் உதவும். முந்திரி ஆலை, விசைத்தறி போன்ற இரைச்சலான இடத்தில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கு இது திருவிழாவைவிடப் பெரிய விஷயம். அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் சொல்லி வேறு பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள்.

9. அசைவு குறைந்தால் பாடிப் பார்க்காதீர்கள்

இந்தப் படியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

28 வாரத்துக்குப் பிறகு உங்கள் குழந்தைக்கென்று ஓர் அசைவு வழக்கம் இருக்கும். அந்த வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால், அல்லது அசைவே தெரியவில்லை என்றால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு என்றாலும், ஞாயிறு என்றாலும், இரண்டு நாள் முன்பு ஸ்கேன் நன்றாக இருந்தது என்றாலும். வண்டி இல்லையென்றால் 108. "கொஞ்சம் பாட்டுப் போடு, முழிக்கும்", "குளிர்ந்த தண்ணி குடி, அசையும்" என்று பெரியவர்கள் சொல்வது அன்பில்தான். ஆனால் அப்படி ஒரு தடவை அசைந்துவிட்டால் நிம்மதியாகப் படுத்துவிடுவீர்கள். அந்த ஓர் அசைவு குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தால்தான் தெரியும்.

சந்தேகமாக மட்டும் இருந்தால், இடப்பக்கம் சாய்ந்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் அசைவில் மட்டும் கவனம் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தெரியவில்லை என்றால் கிளம்புங்கள். குறைந்திருப்பது நிச்சயம் என்று தோன்றினால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

பாடும் நேரத்தையும் அசைவு எண்ணும் நேரத்தையும் கலக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

10. பிறந்தபின்

அதே பாட்டு, அதே சுருதி, அதே அழைப்பு. முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். பாட்டை மாற்றினால் அத்தனை வாரம் பழக்கியது பயனில்லாமல் போகும். குழந்தை வயிற்றுக்குள் கேட்டதற்கும் வெளியே கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. இப்போதுதான் சொற்களின் கூர்மையான ஒலிகள் முதல் தடவையாக வருகின்றன. மெட்டு மட்டும் பழையது. குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துப் பாடினால் நெஞ்சின் அதிர்வும் சேர்ந்து கிடைக்கும்.

பாடியதும் அழுகை நின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பசியோ, வயிற்று வலியோ, ஈரத் துணியோ இருந்தால் எந்தத் தாலாட்டும் நிறுத்தாது. முதலில் அவற்றைப் பாருங்கள், அப்புறம் பாட்டு. குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில், சில நிமிடம் மட்டும். அங்கே கருவிகளின் சத்தமே குழந்தைக்கு அதிகம். அது முகம் சுளித்தாலோ, கைவிரல்களை விறைத்து விரித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, காது பரிசோதனை. "வயித்துல இருக்கும்போதே பாட்டுக்கு உதைச்சான், காது நல்லா கேக்கும்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. உதைத்தது எதையும் நிரூபிக்காது. அது உங்கள் கை அழுத்தத்துக்கோ, உடம்பு அசைந்ததற்கோ உதைத்ததாக இருக்கலாம். கதவு படாரென்று சாத்தியதும் திடுக்கிடும் குழந்தைக்கும் பேச்சுச் சுருதிகளில் குறை இருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் முன் ஓ.ஏ.ஈ. சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். சின்னக் குமிழ் ஒன்றைக் காதில் வைத்துச் சில நிமிடத்தில் முடியும். வலிக்காது, குழந்தை தூங்கும்போதே செய்யலாம். பிறந்த ஒன்றிரண்டு நாளில் காதுக்குள் நீர் தங்கியிருந்தால் தவறிவிடக்கூடும். தவறினால் அழ வேண்டாம், மறு சோதனைத் தேதியை வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து. முதல் சோதனை ஒரு மாதத்துக்குள், குறை உண்டா என்ற முடிவு மூன்று மாதத்துக்குள், குறை இருந்தால் சிகிச்சை ஆறு மாதத்துக்குள் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. பிரசவம் நடந்த இடத்தில் கருவி இல்லையென்றால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எங்கே, எந்த நாளில் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் உதாரணப் பெண்ணின் குழந்தை டிசம்பர் 15-இல் பிறந்தால், காலண்டரில் அடுத்து வட்டமிட வேண்டிய தேதி ஜனவரி 15.